சாப்பாட்டுத் தட்டைப் படமெடுத்துக் கலோரி கணக்கிடுவது எப்படி? பட்டவன் எழுதும் வழிகாட்டி

சென்ற ஆண்டு எடுத்த இரத்தப் பரிசோதனையில் என்னுடைய மூன்று மாதச் சர்க்கரை அளவு எல்லைக்கோட்டில் நின்றது. மருத்துவர் உணவியல் நிபுணரிடம் அனுப்பினார். அவர் நாளொன்றுக்கு 1,600 கலோரி என்று வரையறுத்து, மூன்று வாரத்துக்குச் சாப்பிடும் ஒவ்வொன்றையும் படமெடுத்துக் கலோரியையும் எழுதி வரச் சொன்னார். நானும் படமெடுத்தால் கணக்குச் சொல்லும் ஒரு செயலியைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டு, அது சொன்னதையெல்லாம் அப்படியே குறித்துவந்தேன். கணக்குப்படி ஒரு நாளும் 1,500ஐத் தாண்டவில்லை. மூன்று வாரம் கழித்து எடைக்கருவியில் ஏறியபோது 800 கிராம் கூடியிருந்தது.

பொய் சொன்னது என் நாக்கும் அல்ல, செயலியில் இருந்த கலோரி அட்டவணையும் அல்ல. தட்டில் எவ்வளவு இருந்தது என்பதுதான் படத்தில் பதியவே இல்லை என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு மேலும் இரண்டு மாதம் ஆயிற்று. புதிதாக இந்தக் கணக்கைத் தொடங்குகிறவர்களுக்கு அந்த இரண்டு மாதம் மிச்சமாகட்டும் என்று, செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் வாங்கி வைக்க வேண்டியவை

ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று வேண்டும். நான் 450 ரூபாய்க்கு வாங்கினேன். அதற்கு மேல் செலவழிக்கத் தேவையில்லை. பாத்திரத்தை வைத்துப் பூஜ்ஜியமாக்கும் பொத்தான் அதில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் தட்டின் எடையைக் கழித்துக்கொண்டிருக்க நேரும். இதோடு 15 சென்டிமீட்டர் அளவுகோல் ஒன்று, கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று. செலவு அவ்வளவுதான்.

உணவுப் பொருள்களின் கலோரிக்கு, ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையை வைத்துக்கொள்ளலாம். நம் ஊர் அரிசி, பருப்பு, காய்கறிகளை அளந்து போட்டிருக்கும் அட்டவணை அது. பாக்கெட்டில் வருகிறவற்றுக்கு அதன் முதுகிலேயே 100 கிராமுக்கு எவ்வளவு என்று அச்சிட்டிருப்பார்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, முதல் வாரம் ஒவ்வொரு வேளைக்கும் பத்து நிமிடம் கூடுதலாகப் போகும். இரண்டாம் வாரத்திலிருந்து இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

2. ஒரு மாலையை ஒதுக்கி வீட்டுப் பாத்திரங்களை அளந்துவிடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப்போகத்தான் எல்லோருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் பின்னால் வரும் எல்லாக் கணக்கும் இதன் மேல்தான் நிற்கிறது.

நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் தட்டின் விளிம்புக்கு விளிம்பு அகலத்தையும், உள்ளே சமதளமாக இருக்கும் பகுதியின் அகலத்தையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். என் எவர்சில்வர் தட்டு வெளியே 28 சென்டிமீட்டர், உள்ளே 23. பிறகு குழிக்கரண்டி, சாம்பார்க் கரண்டி, கிண்ணம், தம்ளர் ஆகியவற்றில் தண்ணீரை நிரப்பித் தராசில் நிறுத்துங்கள். ஒரு கிராம் தண்ணீர் ஒரு மில்லிலிட்டர் என்பதால், தராசு காட்டும் கிராம்தான் அந்தப் பாத்திரத்தின் கொள்ளளவு. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை என்று நான் நினைத்திருந்த இரண்டு கிண்ணங்களில் ஒன்று 160 மில்லிலிட்டர், மற்றது 210. மேலிருந்து பார்த்தால் இரண்டின் வாயும் ஒரே அகலம். ஒன்றின் அடிப்பாகம் மட்டும் குறுகலாக இருந்தது. படத்தில் அந்த அடிப்பாகம் எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை.

3. படமெடுக்கும் முறை

சோற்றைப் பிசைவதற்கு முன், குழம்பு ஊற்றுவதற்கும் முன், இரண்டு படம் எடுக்க வேண்டும். ஒன்று தட்டுக்கு நேர் மேலிருந்து, இது அகலத்துக்கு. இன்னொன்று கைப்பேசியை மேசை மட்டத்துக்கு இறக்கி, தட்டின் விளிம்புக்குச் சற்று மேலாகப் பக்கவாட்டில், இது உயரத்துக்கு. சாய்வாக ஒரே படம் எடுத்தால் போதும் என்று பல செயலிகள் சொல்லும். சாய்வான படத்தில் அகலமும் உயரமும் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால், பிறகு எதையும் அளக்க முடியாது.

படத்துக்குள் அளவு தெரிந்த ஒரு பொருள் இருக்க வேண்டும். ஏடிஎம் அட்டை எங்கும் ஒரே அளவுதான், நீளம் 85.6 மில்லிமீட்டர், அகலம் 54. ஆனால் எண் தெரியும்படி வைத்து அதை நாலு பேருக்கு அனுப்பிவிடாதீர்கள். ஓட்டுநர் உரிமம் போன்ற வேறோர் அட்டையைக் கவிழ்த்து வைத்தாலும் அதே அளவுதான். பத்து ரூபாய் நாணயமும் உதவும், விட்டம் 27 மில்லிமீட்டர். வீட்டுத் தட்டை ஏற்கெனவே அளந்துவிட்டீர்கள் என்றால் தட்டே அளவுகோல் ஆகிவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அட்டை மேசையில் கிடக்கிறது. கிண்ணத்தின் வாய் மேசையிலிருந்து 6 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கைப்பேசியை மேசையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்தால், கிண்ணத்தின் வாய்க்கும் கேமராவுக்கும் இடையே 24 சென்டிமீட்டர்தான். அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும் என்பதால், 10 சென்டிமீட்டர் வாய் 12.5 ஆகத் தெரியும். பரப்பாகக் கணக்கிட்டால் ஒன்றரை மடங்குக்கும் மேல் போய்விடும். கையை உயர்த்தி 60 சென்டிமீட்டரில் பிடித்து, தேவைப்பட்டால் பெரிதாக்கி எடுங்கள். அந்தத் தூரத்தில் அதே வாய் 11 சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான் காட்டும். பிழை முழுவதும் போகாது, ஆனால் தாங்கக்கூடிய அளவுக்குக் குறையும்.

4. சோற்றின் உயரம்: கணக்கு கவிழும் இடம்

சோறு தட்டில் குவியலாக விழுகிறது. மேலிருந்து எடுத்த படத்தில் அது ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குக் கீழே இரண்டு சென்டிமீட்டர் உயரமுள்ள சோறு இருக்கிறதா நான்கு சென்டிமீட்டரா என்பதை அந்தப் படம் சொல்லாது. கவிழ்த்த கிண்ணம் போன்ற குவியலின் கன அளவுக்கு உள்ள வாய்ப்பாடு இது. இதில் r என்பது அடிவட்டத்தின் ஆரம், h என்பது நடு உயரம், இரண்டும் சென்டிமீட்டரில். விடை மில்லிலிட்டரில் வரும்.

```
V = 3.14 × h × (3 × r × r + h × h) ÷ 6
```

அடிவட்டம் 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆரம் 7.5. உயரம் 2.2 சென்டிமீட்டர் என்றால் கன அளவு ஏறத்தாழ 200 மில்லிலிட்டர். உயரம் 4.2 என்றால் 410. மேலிருந்து எடுத்த படத்தில் இரண்டும் ஒரே வெள்ளை வட்டம்தான். வீட்டுச் சோற்றில் இந்த வேறுபாடு 200 கலோரிக்கும் மேல் வருகிறது, அதாவது முழுதாக ஒரு சிற்றுண்டி.

செயலி இந்த உயரத்தை எப்படித்தான் கணக்கிடுகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு சோதனை செய்தேன். தட்டின் நடுவில் ஒரு சிறு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் அது மறையும்வரை சோற்றைப் போர்த்தி, படமெடுத்துக் கொடுத்தேன். பிறகு கிண்ணத்தை எடுத்துவிட்டு, அதே வடிவத்தில் முழுக்கச் சோறாகவே குவித்து மீண்டும் படமெடுத்தேன். தராசில் இரண்டாவது தட்டில் 120 கிராம் சோறு கூடுதலாக இருந்தது. செயலி இரண்டுக்கும் ஒரே எண்ணைச் சொன்னது. கிண்ணத்தை மறைத்தது என் குறும்பு என்பது சரிதான். கேட்டால் யாருடைய கண்ணும் அதில் ஏமாறும். ஆனால் அடுத்து நேர்மையாகவே சோற்றில் பாதியை எடுத்துவிட்டு, மிச்சத்தை அதே வட்டத்துக்குப் பரப்பிவைத்தபோதும் எண் நகரவில்லை. அந்தச் செயலி பொருளை அடையாளம் கண்டு, அதற்கென்று முன்பே வைத்திருந்த ஒரு பரிமாறல் அளவை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தது என்பதைத் தவிர இதற்கு எனக்கு வேறு விளக்கம் தோன்றவில்லை. உங்கள் செயலியிலும் இந்தப் பாதிச் சோற்றுச் சோதனையைச் செய்து பாருங்கள், ஐந்து நிமிடம் போதும். எண் மாறாவிட்டால், அது உங்களுக்குச் சொல்வது உணவின் பெயரை மட்டும்தான்.

தூரத்தை அளக்கும் உணரி உள்ள விலையுயர்ந்த கைப்பேசிகளில் மேற்பரப்பின் உயரம் ஓரளவு கிடைக்கும். குழம்புக்கு அடியில் இருப்பதும் கிண்ணத்தின் அடிப்பாகமும் அதற்கும் தெரியாது.

நீளத்தில் செய்யும் சிறு தவறு கன அளவில் பெருகுகிறது என்பதையும் மனதில் வையுங்கள். அகலத்தையும் உயரத்தையும் பத்து விழுக்காடு கூட்டி மதிப்பிட்டால், சோறு பத்து விழுக்காடு கூடுவதில்லை, 1.1ஐ மூன்று முறை பெருக்க 1.33 வருகிறது, அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. தட்டின் அகலத்தைக் குத்துமதிப்பாகப் போடக் கூடாது என்று இரண்டாம் படியில் வற்புறுத்தியது இதனால்தான்.

5. மில்லிலிட்டரைக் கிராமாக மாற்றுதல்

கன அளவு கிடைத்தாலும் கலோரி அட்டவணை கிராமில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டுச் சோறு எவ்வளவு அடர்த்தி என்பதை நீங்களேதான் பார்த்தாக வேண்டும். அரிசி ரகம், விட்ட தண்ணீர், குக்கரா வடித்த சோறா என்பதைப் பொறுத்து அது மாறும். 200 மில்லிலிட்டர் தம்ளரில் சோற்றை அழுத்தாமல் நிரப்பி நிறுத்துங்கள். எங்கள் வீட்டில் 150 கிராம் வந்தது. கரண்டியின் முதுகால் அழுத்தி நிரப்பினால் 190. ஆகவே உதிரியாக விழுந்த குவியலுக்கு மில்லிலிட்டருக்கு 0.75 கிராம் என்று எடுத்துக்கொள்கிறேன். கட்டுச்சோறாக அழுத்திய டப்பாவுக்கு 0.95. அலுவலகத்துக்குக் கொண்டுபோகும் டப்பா ஏமாற்றுவது இங்கேதான். தட்டில் போட்டால் மலையாகத் தெரியும் சோறு, டப்பாவில் அடக்கமாக உட்கார்ந்திருக்கும்.

6. கிராமைக் கலோரியாக மாற்றுதல்: வெந்ததா, வேகாததா?

வேகாத அரிசி 100 கிராமில் ஏறத்தாழ 356 கலோரி. வெந்த சோறு 100 கிராமில் ஏறத்தாழ 130. அரிசி தண்ணீரைக் குடித்து இரண்டரை மடங்கிலிருந்து மூன்று மடங்கு வரை எடை கூடுவதால் வரும் வேறுபாடு இது. தண்ணீருக்குக் கலோரி இல்லை. அட்டவணையில் ‘அரிசி’ என்று தேடினால் வேகாத அரிசிதான் முதலில் வரும். தட்டில் நிறுத்திய சோற்றுக்கு அந்த எண்ணைப் போட்டால் கணக்கு ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படிக் கணக்கிட்டு, தாம் மதியம் மட்டுமே 1,100 கலோரிக்குச் சோறு சாப்பிடுவதாக நம்பி, பத்து நாள் பாதிப் பசியோடு இருந்தார். பருப்புக்கும் சுண்டலுக்கும் இதே பொறி உண்டு.

7. எண்ணெய்: எந்தப் படத்திலும் இல்லாதது

ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், அதாவது 15 மில்லிலிட்டர், ஏறத்தாழ 120 கலோரி. அது உருளைக்கிழங்குக்குள் இறங்கிய பிறகு படத்தில் மினுமினுப்பாக மட்டுமே தெரியும். அந்த மினுமினுப்புக்கு ஒரு கரண்டியும் போதும், மூன்று கரண்டியும் போகும். இதைப் படத்திலிருந்து மதிப்பிட முயலவே வேண்டாம். அடுப்படியில்தான் பிடிக்க வேண்டும்.

சமைக்கும்போது அளக்க முடிந்தால் முறை எளிது. எங்கள் வீட்டில் ஒரு நாள் வறுவலுக்குத் தோல் சீவிய கிழங்கு 500 கிராம், அது 350 கலோரி. நான்கு மேசைக்கரண்டி எண்ணெய், 54 கிராம், அது 486 கலோரி. மொத்தம் 836. வறுத்து இறக்கியபோது கிழங்கு சுருங்கி முழு வறுவலும் 420 கிராம்தான் இருந்தது. ஆகவே 100 கிராம் வறுவலுக்கு 199 கலோரி. வேகவைத்த கிழங்கின் கலோரியைப் போட்டிருந்தால் அதில் பாதிக்கும் குறைவாகத்தான் வந்திருக்கும்.

சமைக்கிறவர் வேறொருவர், அவரிடம் ஒவ்வொரு நாளும் கரண்டிக் கணக்குக் கேட்டால் வீட்டில் அமைதி இருக்காது என்றால், மாதக் கணக்கு ஒன்று உண்டு. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் மூன்று லிட்டர் எண்ணெய் தீர்கிறது என்றால், ஆளுக்கு நாளொன்றுக்கு 25 மில்லிலிட்டர், ஏறத்தாழ 205 கலோரி. பொரித்து மிஞ்சிக் கொட்டிய எண்ணெயைக் கழித்துக்கொள்ளுங்கள். நெய்யைத் தனியாகச் சேருங்கள். இந்த 205ஐ நாளின் கணக்கில் ஒரே வரியாக எழுதிவிட்டு, தனித்தனிக் கறிகளில் எண்ணெயைச் சேர்க்காமல் விட்டுவிடலாம். இரண்டிலும் சேர்த்துவிடாதீர்கள்.

8. ஒரு மதியச் சாப்பாடு, முழுக் கணக்கோடு

தராசு வாங்கிய வாரத்தில் ஒரு மதியத்தை மூன்று வழியிலும் கணக்கிட்டேன். தட்டில் சோறு, சாம்பார், மேலே சொன்ன வறுவல், ஓர் அப்பளம், கடைசியில் ஒரு கிண்ணம் தயிர்.

செயலி சொன்னது 515 கலோரி. பொருள் வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது சோற்றுக்கு 195, சாம்பாருக்கு 110, கிழங்குக்கு 100, தயிருக்கு 60, அப்பளத்துக்கு 50 என்று இருந்தது. என் கண் மதிப்பு 700. தராசில் வைத்தபோது சோறு மட்டும் 310 கிராம், அதாவது 403 கலோரி. செயலியின் 195 என்பது 150 கிராம் சோறு. நான்காம் படியில் பார்த்த அதே இரண்டு குவியல்கள்தாம் இவை: செயலி 2.2 சென்டிமீட்டர் குவியலுக்குக் கணக்குச் சொன்னது, என் தட்டில் இருந்தது 4.2 சென்டிமீட்டர். பக்கவாட்டுப் படத்தை அளவுகோல் வைத்துப் பார்த்து வாய்ப்பாட்டில் போட்டபோது 308 கிராம் வந்தது. ஆக, முறையாக எடுத்தால் படமும் சோற்றின் அளவைச் சொல்லத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு இரண்டு படமும், அளந்த தட்டும், குழம்பு ஊற்றாத சோறும் வேண்டும்.

வறுவல் என் பங்குக்கு 110 கிராம், 219 கலோரி. செயலி எண்ணெயைப் பார்க்கவில்லை. இந்த இரண்டையும் விட எனக்கு வெட்கமாக இருந்தது மூன்றாவது இடம். படம் எடுத்ததற்குப் பிறகு ரசத்துக்கென்று இன்னொரு முறை சோறு போட்டுக்கொண்டேன். அது 120 கிராம், ரசத்தோடு சேர்த்து 176 கலோரி. அது எந்தப் படத்திலும் இல்லை.

கூட்டினால் 1,018. செயலிக்கும் தராசுக்கும் இடையே 503 கலோரி: சோற்றின் உயரத்தால் 208, மறுசோற்றால் 176, எண்ணெயால் 119. சாம்பார், தயிர், அப்பளத்தில் செயலி சரியாகவே சொன்னது. அதுவே நம்மை ஏமாற்றுகிறது; பட்டியலில் ஐந்தில் மூன்று சரியாக இருந்தால் மற்ற இரண்டையும் நம்பிவிடுகிறோம்.

மறுசோற்றைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று முறை பரிமாறிச் சாப்பிடும் வழக்கம் உள்ள வீடுகளில் ‘சாப்பாட்டின் படம்’ என்று ஒன்று கிடையாது. எல்லாமும் தட்டில் ஒருசேர இருக்கும் உணவுமுறையை மனதில் வைத்து எழுதியவைதாம் இந்தச் செயலிகள். நீங்கள் செய்ய வேண்டியது, மூன்று நடைக்கும் உரிய சோற்றை முதலிலேயே ஒரு பாத்திரத்தில் எடுத்துவைத்து அதை நிறுத்துவது. அல்லது குழிக்கரண்டியை எண்ணுவது. சாப்பிட்டு முடித்த தட்டையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், மிச்சம் வைத்ததைக் கழிக்க உதவும்.

9. உங்கள் கண் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்டுபிடியுங்கள்

பத்து வேளைக்கு, தராசில் வைப்பதற்கு முன் உங்கள் மதிப்பை நோட்டில் எழுதிவிட்டு, பிறகு நிறுத்துங்கள். நிறுத்த எடையை மதிப்பால் வகுத்து வரும் எண்ணைப் பக்கத்தில் குறியுங்கள். மதிப்பை முன்னரே எழுதுவது முக்கியம். நிறுத்த பிறகு எழுதினால் மனம் எண்ணைத் திருத்திக்கொள்ளும்.

பத்தும் 1.2க்கும் 1.4க்கும் இடையில் இருந்தால் உங்கள் கண் எப்போதும் குறைத்துப் பார்க்கிறது. இனி மதிப்பை 1.3ஆல் பெருக்கிக்கொண்டால் போதும், தராசு இல்லாத இடத்திலும் ஓரளவு சமாளிக்கலாம். மாறாக 0.7, 1.5, 0.9, 1.3 என்று சிதறியிருந்தால் பெருக்கித் திருத்த வழியில்லை. ஆனால் சிதறல் ஒரு வாரக் கூட்டலில் ஓரளவு ஒன்றையொன்று சமன் செய்துவிடும். ஒரே பக்கச் சாய்வு அப்படிச் சமன் ஆவதே இல்லை, நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகும். என்னைத் தோற்கடித்தது அதுதான்.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சிறு அளவைக் கூட்டியும் பேரளவைக் குறைத்தும் மதிப்பிடுவது பொதுவான மனித இயல்பு. என் நோட்டிலும் 100 கிராமுக்குக் கீழ் இருந்த சோற்றைச் சரியாகவோ சற்றுக் கூட்டியோ சொல்லியிருந்தேன். 250ஐத் தாண்டியபோதெல்லாம் குறைத்துத்தான் சொல்லியிருந்தேன். ஆகவே பத்து வேளையையும் சிறு தட்டில் சோதித்துவிட்டு, வந்த எண்ணை விருந்துச் சாப்பாட்டுக்குப் போடாதீர்கள்.

10. வெளியே சாப்பிடும்போது

எண்ணக்கூடியவற்றை எண்ணுங்கள், அளவு கண்ணுக்குச் சிக்காதவற்றை ஒரு முறை வீட்டுக்கு எடுத்துவந்து நிறுத்துங்கள். வழக்கமாகப் போகும் உணவகத்தில் இட்லியையும் பொங்கலையும் ஒரு நாள் பார்சல் வாங்கித் தராசில் வைத்தால், அந்த எண் அடுத்த பல மாதங்களுக்கு உதவும். எங்கள் தெருவில் உள்ள இரண்டு கடைகளில் ஒன்றின் இட்லி 38 கிராம், மற்றதன் இட்லி 62. ‘இரண்டு இட்லி’ என்று செயலியில் போட்டால் இரண்டுக்கும் ஒரே விடைதான்.

தோசையைப் படத்தால் மதிப்பிடுவது வீண். ஒரு கரண்டி மாவை 18 சென்டிமீட்டர் கல்தோசையாகவும் ஊற்றலாம், 30 சென்டிமீட்டர் பேப்பர் ரோஸ்ட்டாகவும் இழுக்கலாம். பரப்பு ஏறக்குறைய 2.8 மடங்கு, மாவு அதே மாவு. கூடுவது எண்ணெய் மட்டும்தான், அதுவும் ஊற்றுகிறவர் கையைப் பொறுத்தது.

பத்து அல்லது அதற்கு மேல் கிளைகள் உள்ள உணவகங்கள் பட்டியலிலேயே கலோரியைக் காட்ட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருக்கிறது. அங்கே படமெடுப்பதை விட்டுவிட்டுப் பட்டியலைப் படியுங்கள். ஒரு பரிமாறலுக்கு எத்தனை கிராம் என்று அதில் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

11. உணவியல் நிபுணரிடம் கொண்டுபோக வேண்டியவை

மூன்று வாரப் படங்களை அவரால் பார்க்க முடியாது. இரண்டு வேலை நாள், ஒரு விடுமுறை நாள் என மூன்று நாள் பதிவு போதும் என்று என்னிடம் சொன்னார். ஒரு தாளில் நேரம், பொருள், கிராம், நிறுத்ததா மதிப்பிட்டதா, மறுசோறு உண்டா என்ற ஐந்து பத்திகள் போட்டு நிரப்புங்கள். நிறுத்தவற்றை ஒரே எண்ணாகவும், மதிப்பிட்டவற்றை ‘350 முதல் 500 வரை’ என்று வரம்பாகவும் எழுதுங்கள். வரம்பைப் பார்த்ததும் எந்த வேளையை நம்பலாம், எதை மறுபடி கேட்க வேண்டும் என்பது அவருக்குப் புரிந்துவிடும். கூடவே பாத்திரங்களின் அளவு எழுதிய பக்கத்தின் நகல் ஒன்று, மாத எண்ணெய்க் கணக்கு, அண்மைய இரத்தப் பரிசோதனை அறிக்கை.

உணவில் உள்ள மாவுச்சத்தைக் கணக்கிட்டு அதற்கேற்ப இன்சுலின் அளவை மாற்றிக்கொள்கிறவர்கள், படத்திலிருந்து வந்த எண்ணை அதற்குப் பயன்படுத்தக் கூடாது. எட்டாம் படியில் கண்ட சோற்று வேறுபாடு 160 கிராம்; அந்த அளவு பிசகினால் எடை கூடுவதோடு முடியாது, சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கவோ ஏறவோ செய்யும். அவர்களுக்குத் தராசுதான், அல்லது மருத்துவர் சொல்லிக்கொடுத்த முறைதான்.

என் தாளைப் பார்த்த நிபுணர் கலோரிக் கூட்டலைப் பார்க்கவே இல்லை. கடைசிப் பத்தியில் மறுசோறு என்று இருந்த ஏழு இடங்களையும் பென்சிலால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இப்போது மதியத்துக்கு இரண்டு குழிக்கரண்டி, ரசத்துக்கும் அதிலிருந்தேதான். எங்கள் வீட்டுக் குழிக்கரண்டியில் தலைதட்டி எடுத்தால் 115 கிராம்.